ஆப் தயார், முதல் வரி எங்கே?

தனி ஆளாக உட்கார்ந்து ஒரு மொபைல் ஆப்பைச் செய்து முடித்தவர், அது ப்ளே ஸ்டோரில் ஏறிய அன்று இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ அதை அறிவிக்கிறார். ஒரு படம் போடுகிறார், அதன் கீழே சில வரி எழுதுகிறார். பெரிய நிறுவனத்துக்கு விளம்பரப் பிரிவு இருக்கும், செலவழிக்கப் பணம் இருக்கும். இவருக்கு அந்தச் சில வரிகள்தான் மொத்த விளம்பரமும். அதை அவர் பெரும்பாலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, கண்ணெல்லாம் எரிய, ஐந்து நிமிஷத்தில் எழுதிப் போட்டுவிடுகிறார்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆப்பைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டுக்குத் தினமும் பால் வாங்குகிறோம், மாசக் கடைசியில் மொத்தமாகக் காசு கொடுக்கிறோம். அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள ஓர் ஆப். பெயர் ‘பால் நோட்டு’ என்று இருக்கட்டும். செய்தவர் எழுதும் முதல் கேப்ஷன் அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

“வணக்கம் நண்பர்களே! பல மாத உழைப்புக்குப் பிறகு என்னுடைய முதல் ஆண்ட்ராய்டு ஆப் ‘பால் நோட்டு’ இன்று வெளியாகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆஃப்லைன் வசதி, ஹோம் ஸ்கிரீன் விட்ஜெட், கூகுள் டிரைவ் பேக்கப், பிடிஎஃப் பில், டார்க் மோட், இரு மொழி. டவுன்லோட் செய்து ஆதரவு தாருங்கள்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிறவருக்கு இந்த ஆப்பால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. இருப்பதெல்லாம் செய்தவரின் மகிழ்ச்சியும் அவர் செய்தவற்றின் பட்டியலும்தான். இது தலைகீழாகத் திரும்ப வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்லவருவது. படிக்கிறவருக்குக் கிடைக்கும் பயன் முதலில் வர வேண்டும். ஆப்பில் இருக்கும் வசதிகள், அந்தப் பயன் எப்படிக் கிடைக்கிறது என்பதற்குச் சாட்சியாகப் பின்னால் வர வேண்டும்.

தனி ஆள் ஏன் வசதிகளிலிருந்தே ஆரம்பிக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இது சோம்பல் இல்லை. எது தன்னைத் தூங்கவிடாமல் அடித்ததோ அதுவே அவர் மனசில் முன்னால் நிற்கிறது. டிரைவ் பேக்கப் வேலை செய்வதற்கு மூன்று வாரம் போராடியிருப்பார், அதனால் அது பட்டியலில் மேலே ஏறிவிடும். “தினமும் இரண்டு பாக்கெட்” என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், மாறுகிற நாளை மட்டும் குறித்தால் மீதியை ஆப்பே நிரப்பிக்கொள்ளும் என்ற ஏற்பாட்டை ஒரே சாயங்காலத்தில் எழுதியிருப்பார். வாங்குகிறவருக்கு அதுதான் உயிர்நாடி. ஆனால் சுலபமாக வந்துவிட்டதால், மேலே உள்ள கேப்ஷனில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. செய்தவர் பட்ட பாட்டுக்கும் படிக்கிறவருக்குக் கிடைக்கும் பலனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

படிக்கிறவர் பக்கம் நிலைமை வேறு. இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் 2,200 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு. ஆனால் விரல் தள்ளிக்கொண்டே போகும்போது கண்ணில் படுவது முதல் இரண்டு வரிதான். மீதி ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் அந்த இரண்டு வரியையும் “வணக்கம் நண்பர்களே, பல மாத உழைப்புக்குப் பிறகு” என்பதே தின்றுவிட்டது. இது பால் பற்றிய ஆப் என்பதுகூடத் தெரியாமல் ஆள் நகர்ந்துவிடுவார்.

சரி, பயனை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு வசதியையும் எடுத்து வைத்து “அதனால என்ன?” என்று விடாமல் கேட்டுக்கொண்டே படி ஏறுவதுதான் வழி. விட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். ஹோம் ஸ்கிரீன் விட்ஜெட் இருக்கிறது. அதனால என்ன? ஆப்பைத் திறக்காமலே குறித்துவிடலாம். அதனால என்ன? வாசலில் பாக்கெட்டைக் கையில் எடுத்த நிமிஷமே குறித்துவிடலாம், மறந்துபோகாது. அதனால என்ன? மாசக் கடைசியில் “எந்தெந்த நாள் வாங்கலை?” என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். அதனால என்ன? பால்காரரோடு வாக்குவாதம் இல்லாமல் கணக்கு தீரும். அதனால என்ன? மனசுக்கு நிம்மதி. அதனால என்ன? வாழ்க்கை இனிக்கும்.

எங்கே நிற்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. “பயனை முதலில் சொல்” என்று கேள்விப்பட்டவர்கள் நேரே கடைசிப் படிக்கு ஓடி, “உங்கள் வாழ்க்கையை எளிதாக்கும் ஆப்” என்று எழுதிவிடுகிறார்கள். அது வசதிப் பட்டியலைவிட மோசம். பட்டியலிலாவது ஆப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது, இதில் அதுவும் தெரியவில்லை. சரியான படியைக் கண்டுகொள்ள இரண்டு சோதனை இருக்கிறது. அந்த வரியில் உங்கள் ஆப்பின் பெயரை எடுத்துவிட்டு ஒரு டாக்ஸி ஆப்பின் பெயரையோ சமையல் ஆப்பின் பெயரையோ போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்துகிறது என்றால் ரொம்ப மேலே போய்விட்டீர்கள். அந்த வரியைப் புரிந்துகொள்ள ‘விட்ஜெட்’, ‘பேக்கப்’ மாதிரி ஒரு சொல் தெரிந்திருக்க வேண்டும் என்றால் இன்னும் கீழேயே நிற்கிறீர்கள். “மாசக் கடைசியில் வாக்குவாதம் இல்லாமல் பால் கணக்கு தீரும்” என்பது இரண்டு சோதனையிலும் தேறுகிறது.

நடுப்படியில் நிற்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஐபாட். நன்றாகப் பொருந்துவதால் நானும் அதையே சொல்கிறேன். 2001 அக்டோபரில் ஆப்பிள் அதை வெளியிட்டபோது உள்ளே இருந்தது 5 ஜிபி ஹார்ட் டிஸ்க். அவர்கள் முன்னால் நிறுத்தியது அந்த 5 ஜிபியை இல்லை, “ஆயிரம் பாட்டு உங்கள் பாக்கெட்டில்” என்பதை. “இசையால் உங்கள் உலகமே மாறும்” என்று மேலேயும் போகவில்லை. அந்த ஆயிரம் வாய்க்கு வந்த எண்ணும் இல்லை. ஒரு பாட்டு 4 நிமிஷம், பதிவுத் தரம் நொடிக்கு 160 கிலோபிட் என்று வைத்தால் ஒரு பாட்டுக்கு 4.8 எம்பி ஆகும், ஆயிரம் பாட்டுக்கு 4.8 ஜிபி. 5 ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. பயனைச் சொல்லும் வரிக்கு அடியில் இப்படி ஒரு கணக்கு நிற்க வேண்டும். யாராவது எதிர்த்துக் கேட்டால் எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.

தனி ஆள் செய்த ஆப்பிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மார்கோ ஆர்மென்ட் என்ற அமெரிக்கர் 2014 ஜூலையில் ‘ஓவர்காஸ்ட்’ என்ற பாட்காஸ்ட் ஆப்பை வெளியிட்டார். அதில் ‘ஸ்மார்ட் ஸ்பீட்’ என்று ஒரு வசதி உண்டு. பேசுகிறவர் சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளிகளை அது சுருக்கிவிடும். குரல் வேகமாகி எலிக்குரல் ஆகாது, ஆனால் நிகழ்ச்சி சீக்கிரம் முடியும். ஒலி அலையில் மௌனத்தைக் கண்டுபிடித்துச் சுருக்குவது சின்ன வேலை இல்லை. ஆனாலும் கேட்பவருக்கு வேண்டியது அந்த நுட்பம் இல்லை, மிச்சமாகும் நேரம். ஆர்மென்ட் அந்த நேரத்தை ஆப்புக்குள்ளேயே எண்ணிக் காட்டினார். இந்த வசதியால் இதுவரை உங்களுக்கு இத்தனை மணி நேரம் மிச்சம் என்று அதில் வரும். பயனைக் கேப்ஷனில் சொல்வதோடு நிற்காமல் ஆப்பே அளந்து காட்டினால், அதைப் பயன்படுத்துகிறவரே அந்த எண்ணை நாலு பேரிடம் சொல்வார்.

பால் கணக்குக்கு வருவோம். பயன் எது என்று தெரிந்துவிட்டது, இனி அதற்கான சொற்கள் வேண்டும். அவற்றைத் தன் தலைக்குள்ளிருந்து தேட வேண்டிய தேவை இன்றைய தனி ஆளுக்கு இல்லை. கூகுள் வைத்திருக்கும் ஒரு விதியே அதற்கு வழி செய்கிறது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்காக இருந்தால், ஆப்பைப் பொதுவில் விடுவதற்கு முன் மூடிய சோதனை ஒன்று நடத்தியாக வேண்டும். முதலில் 20 பேர் தேவை என்று இருந்தது, 2024 டிசம்பரில் அது 12 பேராகக் குறைந்தது. அந்த 12 பேரும் விடாமல் 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். பலர் இதை ஒரு தண்டனையாக நினைத்து, தெரிந்தவர்களிடம் கெஞ்சிப் பெயர் சேர்த்து நாளைக் கடத்துகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கேப்ஷனுக்கு வேண்டிய சொற்கள் அந்த 12 பேரின் வாயில்தான் இருக்கின்றன.

அவர்களிடம் “ஆப் பிடிச்சிருக்கா?” என்று கேட்கக்கூடாது. பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “இதுக்கு முன்னாடி பால் கணக்கை எங்கே எழுதி வச்சீங்க?” என்று கேட்க வேண்டும். “கடைசியா எப்போ கணக்கு இடிச்சது, அன்னிக்கு என்ன நடந்தது?” என்று கேட்க வேண்டும். “பக்கத்து வீட்டு அக்காகிட்ட இதைப் பத்திச் சொல்லணும்னா எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை அவர் சொன்ன சொல் மாறாமல் எழுதிவைக்க வேண்டும்.

முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலான வீடுகளில் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. மாதக் காலண்டரின் கட்டங்களில் பால்பாயிண்ட் பேனாவால் சில நாளுக்கு ‘இல்லை’, சில நாளுக்கு ‘3’, விருந்தாளி வந்த ஒரு நாளுக்கு ‘2+2’ என்று எழுதியிருக்கும். வீட்டில் இருவர் குறித்தால் இரண்டு விதக் கையெழுத்து, இரண்டு விதக் குறி. ஊருக்குப் போன நாலு நாளைக் குறிக்கும் இடத்தில்தான் சிக்கல் வரும், ஏனென்றால் அந்த நாலு நாளும் குறிப்பதற்கு வீட்டில் ஆள் கிடையாது. திரும்பி வந்ததும் குறிக்கலாம் என்று நினைத்து, துணி துவைக்கிற அவசரத்தில் மறந்துபோகும்.

அதை எண்ணிலும் பார்த்துவிடுவோம். தினம் இரண்டு பாக்கெட் வீதம் 30 நாளுக்கு 60. ஊரில் இல்லாத 4 நாளுக்கு 8 கழிய வேண்டும். மூன்று நாள் ஒவ்வொரு பாக்கெட் கூடுதலாக வாங்கியதற்கு 3 சேர வேண்டும். ஆக 55. பாக்கெட் 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,650 ரூபாய். பால்காரர் நினைவில் ஊருக்குப் போனது மூன்று நாள்தான் என்றால் அவர் 57 என்பார், அது 1,710 ரூபாய். வித்தியாசம் 60 ரூபாய்தான். ஆனால் வாசலில் நின்று “நாலு நாள்”, “இல்லம்மா, மூணு நாள்” என்று பேசும் அந்தப் பத்து நிமிஷம் இரண்டு பேருக்கும் கசப்பு. அடுத்த நாள் காலையிலும் அதே முகத்தில்தான் விழிக்க வேண்டும். எனவே “மாதம் 60 ரூபாய் சேமியுங்கள்” என்று எழுதுவதைவிட, அந்த வாக்குவாதம் இல்லாமல் போகும் என்று எழுதுவதுதான் உண்மையான பயனைத் தொடுகிறது.

இங்கே ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். “போகாத நாளுக்கும் பால் காசு கொடுத்து ஏமாறுகிறீர்களா?” என்று கேள்வியாக ஆரம்பித்தால் விரல் நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் அது பால்காரரைத் திருடராக்கிவிடுகிறது. அறுபது வீட்டுக் கணக்கைத் தலையில் வைத்திருக்கும் மனிதருக்கு ஒரு நாள் விட்டுப்போவது இயல்பு. அந்தக் கேப்ஷனை அவர் பார்த்தாலும் வருத்தப்படாத மாதிரி எழுத வேண்டும். அது நியாயம், அதோடு லாபமும்கூட. ஒரு பால்காரருக்கு இந்த ஆப் பிடித்துவிட்டால் அறுபது வீட்டுக்கு அவரே சொல்வார்.

இதையெல்லாம் வைத்துத் திரும்ப எழுதினால் கேப்ஷன் இப்படி வருகிறது:

“மாசக் கடைசியில் ‘நாலு நாளா, மூணு நாளா?’ என்ற பேச்சே இல்லாமல் பால் கணக்கு தீரும்.

தினம் எத்தனை பாக்கெட் என்று ஒரு தடவை சொல்லுங்கள். பால் வராத நாளையும் கூடுதலாக வாங்கிய நாளையும் மட்டும் தொட்டு வையுங்கள். மொத்தத்தை ‘பால் நோட்டு’ போட்டுத் தரும்.

ஊருக்குப் போகிறீர்களா? கிளம்பும்போதே நாலு நாளையும் குறித்துவிடலாம். கணக்கு விவரத்தை அப்படியே பால்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். நெட் இல்லாமலும் ஓடும், உங்கள் போன் நம்பரைக் கேட்காது.

இப்போதைக்கு ஆண்ட்ராய்டில் மட்டும். ஒரு வீட்டில் இரண்டு போனில் சேர்ந்து குறிக்கும் வசதி இன்னும் வரவில்லை. நான் தனியாகச் செய்த ஆப் இது. கணக்கு எங்கேயாவது இடித்தால் எனக்கு எழுதுங்கள், நானே பதில் சொல்வேன்.”

முதல் வரியைப் பாருங்கள். ‘நாலு நாளா, மூணு நாளா’ என்பது வாசல்படிப் பேச்சு. அதைப் பேசியவர் யாரும் அந்த வரியைத் தாண்டிப் போக மாட்டார். அடுத்த பத்தி அந்தப் பயன் எப்படிக் கிடைக்கிறது என்று சொல்கிறது, அந்த ஒரே சாயங்காலத்து வசதி அங்கே முதலிடத்துக்கு வந்துவிட்டது. பழைய பட்டியலில் இருந்த பிடிஎஃப் பில் இங்கேயும் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் இல்லை. பிடிஎஃப் என்று யாரும் தேடுவதில்லை, பால்காரருக்குக் கணக்கை அனுப்பத்தான் வழி தேடுகிறார்கள். ‘ஆஃப்லைன்’ என்பது “நெட் இல்லாமலும் ஓடும்” ஆகிவிட்டது. டார்க் மோட் போயே போய்விட்டது. இரு மொழி என்பதையும் எழுத வேண்டியதில்லை, தமிழில் உள்ள திரைப்படம் ஒன்றைச் சேர்த்தாலே அது தெரிந்துவிடும். டிரைவ் பேக்கப் ஒரு நல்ல வசதி, ஆனால் போன் தொலைந்த அன்றுதான் அதன் பயன் தெரியும். அதை ஸ்டோர் பக்கத்தில் விரிவாகச் சொல்லிக்கொள்ளலாம். அங்கே முழு விவரத்துக்கு 4,000 எழுத்துக்குறி வரை இடம் இருக்கிறது.

இல்லாததைச் சொல்லும் வரி பலருக்குப் பயமாக இருக்கும். எழுதித்தான் ஆக வேண்டும் என்பேன். கணவனும் மனைவியும் இரண்டு போனில் குறிக்கலாம் என்று நினைத்து இறக்கியவர் அன்றே அழித்துவிடுவார், போகிற போக்கில் ஒரு நட்சத்திரமும் போட்டுவிட்டுப் போவார். புதிய ஆப்புக்கு மொத்தமே பத்து மதிப்பீடுகள் இருக்கும்போது அந்த ஒற்றை நட்சத்திரம் சராசரியை எங்கேயோ இறக்கிவிடும். “நான் தனியாகச் செய்தேன்” என்பதும் கேப்ஷனில் இருக்கலாம், ஆனால் அதற்கு உரிய இடம் கடைசிதான். முதலில் வந்தால் அது உதவி கேட்பதாகத் தொனிக்கும். கடைசியில், “நானே பதில் சொல்வேன்” என்பதோடு சேர்ந்து வரும்போது, அதுவும் படிக்கிறவருக்கு ஒரு பயனாகிவிடுகிறது. பெரிய நிறுவனம் எதுவும் அப்படிச் சொல்ல முடியாது.

வசதியின் பெயரையே முதலில் சொல்ல வேண்டிய ஆப்களும் உண்டு. தமிழ் தட்டச்சு ஆப் ஒன்றைச் செய்தவர் “தமிழ்99 விசைப்பலகை” என்று முதல் வரியிலேயே போட்டுவிட வேண்டும். 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய அந்த அமைப்பில் பழகிய விரல்கள் வேறு எதிலும் ஓடாது. அவர்களுக்கு அந்தப் பெயரே பயன், அதற்கு மேல் “அதனால என்ன?” என்று கேட்கவே மாட்டார்கள். படிக்கிறவர் தனக்கு வேண்டிய வசதியின் பெயரைத் தெரிந்துகொண்டு அதையே தேடி வருகிறார் என்றால் அந்தப் பெயர்தான் முதலில் நிற்க வேண்டும். பால் கணக்கு வைக்கும் வீட்டில் யாரும் விட்ஜெட்டைத் தேடி வரமாட்டார்கள்.

கேப்ஷனின் முதல் வரி ப்ளே ஸ்டோரின் குறு விவரத்துக்கும் போக வேண்டும். இரண்டும் ஒரே பயனைச் சொல்லாவிட்டால், கேப்ஷனைப் பார்த்து வந்தவர் வேறு ஆப்புக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிவிடுவார். குறு விவரத்துக்கு 80, ஆப்பின் பெயருக்கு 30 என்று அளவு இருக்கிறது. தமிழில் எழுதுகிறவர்களை இந்த அளவு திகைக்க வைக்கும். கணினி நம் எழுத்தை எண்ணும் முறை வேறு. ‘கு’ நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளியும் தனியாக எண்ணப்படும். ‘கணக்கு’ நமக்கு 4, அதற்கு 6. “பால் வராத நாளைத் தொட்டு வையுங்கள், மாசக் கணக்கு சண்டையில்லாமல் தீரும்.” என்ற வாக்கியத்தில் இடைவெளியும் குறிகளும் சேர்த்து நம் கண்ணுக்குத் தெரிவது 44. கணினிக் கணக்கில் அது 70. இன்னும் 10தான் மிச்சம், இரண்டு சின்னச் சொல் சேர்த்தால் முடிந்தது. ஆகவே தமிழில் எழுதும்போது 80 என்றால் ஐம்பதுக்குள் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. பெயரில் இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. ‘நம்பர் 1’, ‘இலவசம்’ மாதிரிச் சொற்களையும் எமோஜியையும் ஆப்பின் பெயரில் போட 2021 முதல் கூகுள் அனுமதிப்பதில்லை.

இவ்வளவும் சரியாக எழுதியபின் பலர் கோட்டைவிடும் இடம் இணைப்பு. இரண்டு வாரமாகச் சோதனைக்காரர்களுக்கு அனுப்பி அனுப்பிக் கைப்பழக்கமாகிவிட்ட இணைப்பையே பொதுவிலும் ஒட்டிவிடுவார்கள். கீழே உள்ளவற்றில் முதலாவது சோதனைக்கானது, பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அது திறக்காது. இரண்டாவதுதான் ஊருக்கெல்லாம் உரியது.

```
https://play.google.com/apps/testing/in.example.paalnote
https://play.google.com/store/apps/details?id=in.example.paalnote
```

போடுவதற்கு முன் பிரவுசரில் இன்காக்னிட்டோ பக்கம் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் அந்த இணைப்பைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஆப்பின் பக்கம் வந்தால் சரி. உள்ளே நுழையச் சொல்லிக் கேட்டாலோ, பக்கமே இல்லை என்று வந்தாலோ அறிவிப்பை நிறுத்திவைக்க வேண்டும். கூகுளின் பரிசீலனை ஒரு வாரம்வரைகூட இழுக்கும் என்பதால், வெளியீட்டுத் தேதியை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிடுவதும் ஆபத்து. இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்குள் இணைப்பைப் போட்டால் அதைத் தட்ட முடியாது. அதைப் பயோவில் வைத்துவிட்டு, அங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கேப்ஷன் வேலை செய்ததா என்பதை விருப்பக்குறிகள் சொல்லாது, அவற்றில் பாதி நண்பர்களின் அன்பு. கமெண்டைப் படித்தால் தெரியும். “வாழ்த்துகள் தம்பி” என்று மட்டுமே வந்தால், அவர்கள் படித்தது உங்கள் சாதனையை. “தயிருக்கும் போடலாமா?”, “எங்க வீட்ல ரெண்டு பேர்கிட்ட வாங்குறோம், வருமா?” என்று கேள்விகள் வந்தால் பயன் போய்ச் சேர்ந்திருக்கிறது. ப்ளே கன்சோலில் ஸ்டோர் பக்கத்தைப் பார்த்தவர்கள் எத்தனை, நிறுவியவர்கள் எத்தனை, அழித்தவர்கள் எத்தனை என்று தனித்தனியாகத் தெரியும். பார்க்கவே ஆள் வரவில்லை என்றால் முதல் வரியை மாற்ற வேண்டும். வந்து பார்த்தும் நிறுவவில்லை என்றால் ஸ்டோர் பக்கம் வேறு கதை சொல்கிறது என்று அர்த்தம். சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு சதவீதக் கணக்குப் போட வேண்டாம். முப்பது பேரில் இரண்டு பேர் கூடுவதும் குறைவதும் வெறும் தற்செயலாக இருக்கலாம்.

நிறுவிய மறுநாளே பலர் அழிக்கிறார்கள் என்றால், கேப்ஷன் சொன்னது ஆப்பின் முதல் திரையில் இல்லை என்று கொள்ள வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இது நடக்க நிறையவே வாய்ப்பு உண்டு. பயன் மாசக் கடைசியில்தான் கிடைக்கும். 5-ம் தேதி ஆப்பை இறக்கியவர் முதல் திரையில் பார்ப்பது காலியான கட்டங்களை. முப்பது நாள் பொறுத்திருந்து பார்க்கச் சொன்னால் யாரும் இருக்க மாட்டார்கள். இதைக் கேப்ஷனால் சரிசெய்ய முடியாது, ஆப்பைத்தான் திருத்த வேண்டும். திறந்ததும் “இந்த மாதம் இதுவரை எந்த நாள் பால் வாங்கவில்லை?” என்று கேட்டு, கடந்துபோன நாட்களையும் தொட்டுக் குறிக்கவிட்டால், இரண்டாவது நிமிஷத்திலேயே மொத்தத் தொகை திரையில் வந்துவிடும். முதல் வரியை எழுதி முடித்த பிறகுதான் இந்த ஓட்டை கண்ணில் படும். அதனால் கேப்ஷனை வெளியீட்டு இரவில் எழுதாமல் சோதனை நடக்கும் அந்த 14 நாளுக்குள்ளேயே எழுதிவிட வேண்டும், திருத்த நாள் இருக்கும். வெளியிடும் நாளையும் அந்த வரியே சொல்லிவிடுகிறது. 1-ம் தேதி நல்ல நாள் என்று பார்க்காமல், பால் கணக்கு பேசத் தொடங்கும் 27, 28 தேதிவாக்கில் காலை ஏழு மணிக்குப் போடலாம்.